மைக் கைமாறும்போது என்ன சொல்வது: அறிவிப்பா, கேள்வியா?

எண்ணூர் முகத்துவாரம் பற்றிய ஸ்லைடுகள் தயார். பேசுபவர்கள் மூன்று பேர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தைப் பற்றி ஒரு கல்லூரி மாணவி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெயைப் பற்றி மீனவ அண்ணன், கோரிக்கைகளைப் பற்றி மகளிர் குழு அக்கா. கேட்கப்போவது அதிகாரிகள். ஸ்லைடில் கைவைக்க வேண்டாம், ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடத்துக்கு மட்டும் வரி எழுதினால் போதும்.

எல்லோரும் முதலில் எழுதுவது அறிவிப்பு: “அடுத்து எண்ணெய்ப் படலம் பற்றி அண்ணன் பேசுவார்.” தப்பே வராது. ஆனால் இதைத்தான் அடுத்த ஸ்லைடின் தலைப்பும் சொல்லப்போகிறது. அண்ணனும் எழுந்து “வணக்கம், நான்...” என்று புதிதாகத் தொடங்குவார். ஒரே கூட்டத்துக்குள் இரண்டாவது கூட்டம் ஆரம்பித்தது போல இருக்கும்.

இன்னொரு வழி கேள்வி. இதை எழுத மாணவியின் ஸ்லைடைப் பார்த்துப் பயனில்லை, அண்ணனின் முதல் ஸ்லைடைத்தான் பார்க்க வேண்டும். அதில் எண்ணெய் அப்பிய வலையின் படம் இருக்கிறது. அதற்கு ஏற்ற வரி: “தினமும் இங்கே வலை போடுபவர் நம் அண்ணன். அண்ணே, வெள்ளம் வடிந்ததும் வலையில் என்ன வந்தது?” அண்ணனின் முதல் வாக்கியமே பதில்: “மீன் இல்லை, எண்ணெய்தான்.” வணக்கத்துக்கு இடமே இல்லை.

பெயரோ உறவோ முன்னால், கேள்வி கடைசியில் என்ற வரிசை முக்கியம். கையில் இருப்பது ஒரே மைக் என்றால், தன்னைச் சொல்வதைக் கேட்டதும் அண்ணன் எழுந்து நடக்கத் தொடங்குவார். கேள்வி முடியும்போது மைக் அவர் கைக்குப் போய்விடும். ஸ்லைடையும் அவர் வாய் திறந்த பிறகே மாற்ற வேண்டும். மாணவி அவசரப்பட்டு மாற்றினால் பதில் திரையில் தெரிந்துவிடும், கேள்வி செத்துப்போகும்.

கேள்வி வரிக்கு ஒரு பலவீனம் உண்டு. நேரம் போதாமல் மாணவி தன் கடைசி ஸ்லைடைத் தாண்டிவிட்டால், அதன் நோட்ஸ் பகுதியில் இருந்த வரியும் சேர்ந்து போய்விடும். அதனால் அதே வரியை அண்ணனின் முதல் ஸ்லைடு நோட்ஸிலும் ஒட்டிவைக்க வேண்டும். அப்போது மாணவி கேட்காவிட்டாலும் “வெள்ளம் வடிந்ததும் வலையில் என்ன வந்தது தெரியுமா?” என்று அவரே தொடங்கிக்கொள்ளலாம். பேசும் வரிசையே மாறினால் இந்த வரி உதவாது, புதிதாகத்தான் எழுத வேண்டும்.

அப்புறம், அண்ணனிடமிருந்து அக்காவுக்கு மாறும் இடத்தில் நான் அறிவிப்பையே வைப்பேன். “எங்கள் கோரிக்கைகளை அக்கா சொல்வாங்க” என்றால் அதிகாரிகள் பேனாவை எடுப்பார்கள். அங்கே போய் “இதற்கு என்ன தீர்வு?” என்று கேட்டுவைத்தால், அக்கா எழுவதற்குள் முன்வரிசையிலிருந்து யாராவது பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.