பிரிவு மாற மாட்டேன், ஆனால் வளர வேண்டும்: நான்கு விதமான பதில்கள், ஓர் ஒப்பீடு

கோவைக்கு அருகே, கார்களுக்கு அலுமினிய உறுப்புகளை வார்த்துக் கொடுக்கும் ஓர் ஆலையின் மனிதவளப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்களின் காகிதங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். சம்மதக் கடிதங்களை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. மறுப்புக் கடிதத்தை அழைத்தவர் படிப்பார், மறுத்தவரின் மேலாளர் படிப்பார், ஆலைத் தலைவரும் படிப்பார். பிறகு சம்பள உயர்வுக்கான கூட்டத்தில் யாராவது ஒருவர் அதை நினைவுபடுத்துவார். ஆகவே மறுப்பதா வேண்டாமா என்பதைவிட எப்படி மறுப்பது என்பதற்குத்தான் அதிக யோசனை தேவைப்படுகிறது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு சம்பவத்தை வைத்தே இதை அலசுகிறேன். தரப் பிரிவில் நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பொறியாளர். வெளியிலிருந்து வாங்கும் உதிரிகளில் குறை அதிகமாகிவிட்டதால், வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொள்ளக் கொள்முதல் தலைவர் விரும்பினார். ஒரு நவம்பர் மாதம், தேநீர் இடைவேளையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “எங்கள் பிரிவுக்கு வந்துவிடுங்களேன் அம்மா, உங்களைப் போல ஓர் ஆள்தான் வேண்டும்” என்றார். அதே தரம், அதே சம்பளம், அதே வளாகம். அவருக்கோ போக விருப்பமில்லை. ஆனால் மறுத்தால் ‘இவர் நகர மாட்டார்’ என்ற பெயர் வந்துவிடுமே என்று பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

பதில்களுக்குப் போகும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்திருப்பது அழைப்பா, ஆணையா? நம் ஊர் நிறுவனங்களின் பணி நியமனக் கடிதங்கள் பெரும்பாலானவற்றில், ‘நிர்வாகம் விரும்பும் எந்தப் பிரிவுக்கும், எந்தக் கிளைக்கும் மாற்றப்படலாம்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தேதியும் கையொப்பமும் உள்ள மாற்ற ஆணை வந்துவிட்டால், ‘வர மாட்டேன்’ என்று எழுதுவது ஒழுங்கு நடவடிக்கை வரை போகக்கூடும். அங்கே செய்யக்கூடியது மறுபரிசீலனைக் கோரிக்கை மட்டுமே. அதன் தொனியே வேறு. இங்கே பேசுவது அழைப்பைப் பற்றித்தான்.

முதல் வகை, நேரடியான மறுப்பு: ‘வாய்ப்புக்கு நன்றி. இப்போதைய பணியிலேயே தொடர விரும்புகிறேன்.’ இதில் தவறு எதுவும் இல்லை. அழைத்தவர் அந்த வாரமே அடுத்த ஆளைத் தேடத் தொடங்கலாம். எனக்கும் வேலை சுலபம். குறை என்னவென்றால், காரணத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் தங்கள் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார்கள். ‘சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்’ என்பதுதான் வழக்கமாக அங்கே வந்து உட்காரும் வாக்கியம்.

இரண்டாவது, ‘இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்.’ அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். என் கணக்கில் நான்கிலும் மோசமானதும் இதுதான். மரியாதையான மறுப்பு என்று நினைத்து இதைச் சொல்கிறார்கள். மேசையின் மறுபக்கத்தில் அது மறுப்பாகப் பதிவாவதில்லை. ‘விருப்பம் உண்டு, கால அவகாசம் கேட்கிறார்’ என்றுதான் பதிவாகிறது. பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர், உற்பத்தித் திட்டமிடல் பிரிவுக்கு அழைத்தபோது, “தீபாவளி முடியட்டும் சார்” என்றார். அந்தப் பிரிவுத் தலைவர் அதை நம்பி, இருக்கையை நிரப்பாமல் ஒரு பயிற்சியாளரை வைத்து இரண்டு மாதம் ஒப்பேற்றினார். தீபாவளி முடிந்த திங்கட்கிழமை படிவம் வந்து நின்றது. அன்று அவர் சொன்ன மறுப்பு, சொன்ன சொல்லை மீறியதாக ஆகிவிட்டது. அழைத்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் வருத்தத்தோடு போயிருக்கும்.

உண்மையிலேயே பிறகு போகும் எண்ணம் இருந்தால் இந்தப் பதில் சரியானதே. அப்போது எதற்குப் பிறகு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: புது இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, வாடிக்கையாளர் தணிக்கை முடிந்த பிறகு. போகும் எண்ணமே இல்லாதவர் வாயில் ‘பிறகு’ என்ற சொல் வரக்கூடாது.

மூன்றாவது, மேலாளரின் வாயால் மறுப்பது. “நீங்களே சொல்லிவிடுங்கள் சார், என்னை விட முடியாது என்று.” மேலாளருக்கும் இது பிடிக்கும், நல்ல ஆளை இழக்க யார்தான் விரும்புவார்? மறுப்பின் சங்கடம் முழுவதும் அவர் தலையில் போய்விடுகிறது. ஆனால் வளர விரும்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லவே இல்லை. அழைத்தவர் மனத்தில் பதிவது, ‘அவர் வரத் தயார், மேலாளர்தான் பிடித்து வைத்திருக்கிறார்’ என்பது. அடுத்த முறை உங்கள் மேலாளரைத் தாண்டி ஆலைத் தலைவர் வழியாக அழைப்பு வரும். அப்போது உண்மை வெளியாகும்.

மேலாளரிடம் சொல்லவே கூடாது என்பதல்ல. அழைத்தவருக்குப் பதில் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டால், நீங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்ததாக நினைப்பார். தகவல் அவருக்கு முதலில் போகட்டும். பதிலை மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

நான்காவது வகையில், எந்த இருக்கை வேண்டாம் என்பதோடு எந்தப் படி வேண்டும் என்பதும் ஒரே கடிதத்தில் வருகிறது. அந்தப் பொறியாளர் செய்தது இதுதான். முதல் நாள் தன் மேலாளரிடம் சொன்னார். மறுநாள் காலை கொள்முதல் தலைவரை அவர் அறையிலேயே பார்த்துப் பேசினார். அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினார். அதன் சாரம் இது:

‘உங்கள் பிரிவுக்கு என்னை எண்ணியதற்கு நன்றி. காலையில் நேரில் சொன்னபடி, இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை. கியர்பெட்டி மூடியின் கசிவுப் பிரச்சினையை மார்ச்சுக்குள் முடிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு தரப் பிரிவிலேயே தணிக்கைப் பொறுப்புக்கு உயர விரும்புகிறேன். அதற்காக வரும் ஆண்டின் உள்தணிக்கையாளர் பயிற்சிக்கு என் பெயரைப் பரிந்துரைக்கும்படி என் மேலாளரைக் கேட்டிருக்கிறேன். புதிய உதிரிகளின் முதல் மாதிரிகளைச் சோதிக்க, மார்ச் வரை மாதம் இரண்டு நாள் உங்கள் பிரிவுக்கு உதவ என்னால் முடியும். இதற்கு மேலாளரின் ஒப்புதல் இருக்கிறது.’

முதல் வகையோடு இதை ஒப்பிட்டால், மறுப்பின் அழுத்தம் இரண்டிலும் ஒன்றேதான். ‘ஏற்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார். ‘ஏற்க இயலாத சூழலில் இருப்பதாகக் கருதுகிறேன்’ என்று இழுக்கவில்லை. வித்தியாசம் அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறது. ‘நிறுவனத்தில் தொடர்ந்து வளர விரும்புகிறேன்’ என்று எழுதாதவரை நான் பார்த்ததில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு மேலாளரால் எதுவும் செய்ய முடியாது. ‘பயிற்சிப் பட்டியலில் என் பெயர்’ என்றால், அதற்கு ஆம் அல்லது இல்லை என்று யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்கள் வாகனத் தொழிலுக்கான தரச் சான்றான ஐ.ஏ.டி.எஃப். 16949 கேட்பவர்கள். தகுதிபெற்ற உள்தணிக்கையாளர்கள் ஆலைக்கு எப்போதும் தேவை. அவர் கேட்டது ஆலைக்கும் வேண்டியதாக இருந்தது.

கசிவு பற்றிய வரியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது ஒரு சாக்கு இல்லை என்பதை ஆலைத் தலைவர் உடனே புரிந்துகொண்டார். மூடியை அறுத்துப் பார்த்தால் உள்ளே சிறு குழிகள் தெரியும். குழி உருண்டையாக, வழவழப்பான சுவரோடு இருந்தால் உருகிய உலோகத்தில் வாயு சிக்கியிருக்கிறது என்று பொருள். ஒழுங்கற்று, முரடாகக் கிழிந்தது போலிருந்தால் உலோகம் உறையும்போது சுருங்கியிருக்கிறது. முன்னதற்கு வாயு நீக்கத்தையும் அச்சின் காற்றுப் போக்கிகளையும் பார்க்க வேண்டும். பின்னதற்குத் தடித்த பகுதி குளிரும் விதத்தையும், ஊற்றிய பிறகு கொடுக்கும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அந்த மூடியில் இரண்டும் கலந்திருந்தன. எது எங்கே என்று அவர் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளை அறுத்துப் பெட்டிகளில் எண்ணிட்டு வைத்திருந்தார். நடுவில் ஆள் மாறினால் வருபவர் மறுபடி அறுப்பதிலிருந்துதான் தொடங்குவார். வேலையிலிருந்து எழும் காரணத்துக்கு இந்தப் பலம் உண்டு. யாரும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டுக் காரணம் உண்மையாக இருந்தால் தாராளமாகச் சொல்லலாம், குறிப்பாக ஊர் மாற வேண்டியிருந்தால். ஒரே வளாகத்துக்குள் கட்டடம் மாறுவதற்குக் குழந்தையின் பள்ளியைக் காரணம் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். சொன்னவருக்கே கூச்சமாக இருந்தது.

அவர் எழுதாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. எங்கள் மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. நவம்பரில் மாறினால், நான்கு மாதம் மட்டுமே அவரைப் பார்த்த புதிய தலைவர்தான் முழு ஆண்டுக்கும் மதிப்பெண் போடுவார். கணக்கு சரிதான். ஆனால் அதை எழுதினால் ‘உங்கள் மதிப்பெண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றுதான் படிக்கப்படும். விட்டது நல்லது.

இந்த நான்காம் வகைக்கும் விலை உண்டு. ‘மாதம் இரண்டு நாள்’ என்பது எல்லை போடாவிட்டால் பத்து நாளாகிவிடும். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ‘மார்ச் வரை’ என்ற இரண்டு சொற்கள்தான் அவரைக் காப்பாற்றின. இன்னொன்று, உங்கள் பிரிவில் உண்மையிலேயே மேலே ஒரு படி இருக்க வேண்டும். மேலே இருப்பது ஒரே ஒரு பதவி, அதில் இருப்பவருக்கு இன்னும் இருபது ஆண்டு பணி இருக்கிறது என்றால், அங்கேயே வளர்வேன் என்று எழுதுவது வெறும் அலங்காரம். பிரிவையே சுருக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தால் மறுப்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். குறிப்பாகக் கேட்க எதுவும் இல்லாதவர் முதல் வகையிலேயே, இரண்டு வரியில் முடித்துக்கொள்வது நேர்மை.

மறுப்பு எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது யாருடைய முகத்திலும் தெரியாது; எல்லோரும் சிரித்தபடியே பேசுவார்கள். பல பிரிவினர் சேர்ந்து உட்காரும் கூட்டங்களுக்கு முன்பு போல அழைப்பு வருகிறதா, அடுத்த பயிற்சிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தொடர்ந்து நின்றுபோனால், சம்பள உயர்வுக் கடிதம் வரும்வரை காத்திராமல் மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடலாம்.

அந்தப் பொறியாளரின் பெயர் பயிற்சிப் பட்டியலில் வந்தது. பதவி உயர்வு அந்த ஏப்ரலில் வரவில்லை, அடுத்த ஏப்ரலில்தான் வந்தது. மூடியின் கசிவும் மார்ச்சில் முடியவில்லை, மே மாதம் வரை இழுத்தது. கொள்முதல் தலைவருக்கு மனத்தாங்கல் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு ஒரு நாள் புதிய உதிரியின் முதல் மாதிரியைத் தானே கையில் எடுத்துக்கொண்டு தரப் பிரிவுக்கு வந்து, “இதைக் கொஞ்சம் பாருங்கள் அம்மா” என்று அவர் மேசைமேல் வைத்தார். அது ஜூன் மாதம். இரண்டு நாள் கணக்கு மார்ச்சோடு முடிந்திருந்தது. பொறியாளரும் அதை நினைவுபடுத்திவிட்டுத்தான் அளவுக் கருவியைக் கையில் எடுத்தார்.