சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய கணினியை விற்கப் போகிறவர்களுக்கு: ‘முழுதாக அழித்தாயிற்று’ என்ற ரசீதை நம்ப வேண்டாம்

என் அக்கா சுங்கை சிப்புட்டில் நகல் எடுக்கும் கடை நடத்துகிறார். தோட்டத்து மக்கள் மைகார்டு, பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை என்று எல்லாவற்றையும் அவரிடம்தான் ஸ்கேன் செய்ய வருவார்கள். கடைக்குப் புதுக் கணினி வாங்கியதும், பழையதை விற்பதற்கு முன் அதிலுள்ள தகவல்களை அழித்துத் தரும்படி ஊரிலுள்ள ஒரு கணினிக் கடையில் கொடுத்தார். அதில் இரண்டு வட்டுகள் இருந்தன. விண்டோஸ் இயங்கியது, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டியில். ஸ்கேன் கோப்புகள் சேர்ந்து கிடந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்கில். இரண்டுக்கும் சேர்த்து 60 ரிங்கிட் வாங்கினார்கள். ‘ஏழு முறை மேலெழுதி அழிக்கப்பட்டது, இராணுவத் தரம்’ என்று ரசீதிலும் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா காலை உணவை முடித்துக்கொண்டு திரும்பும்போதே கணினி தயாராக இருந்தது.

அதை வாங்கியவர் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த ஓர் அம்மா, நான்காம் படிவம் படிக்கும் மகனுக்காக. அந்தப் பையன் தவறுதலாக அழித்துவிட்ட பள்ளிக் கோப்பு ஒன்றை மீட்பதற்காக PhotoRec என்ற இலவச மென்பொருளை இயக்கியிருக்கிறான். அவன் தேடிய கோப்போடு, யார் யாருடையதோ என்று ஆயிரக்கணக்கான படங்கள் வந்து விழுந்தன. நல்ல பிள்ளை, எதையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல் தாயோடு கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் வந்துவிட்டான்.

திரையில் f0482176.jpg போன்ற பெயர்கள் வரிசையாக நின்றன. பழைய கோப்புப் பெயர்கள் போய்விட்டன, உள்ளிருந்தது போகவில்லை. ஒன்றைத் திறந்தால் ஒரு பாட்டியின் மைகார்டு, முன்பக்கமும் பின்பக்கமும், எண் தெளிவாக. அடுத்தது ஒருவருடைய வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். அந்த மக்களுக்கு அக்கா என்ன பதில் சொல்வார்? எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

கடையில் போய்க் கேட்டோம். அந்த ஆள் சளைக்காமல் அதே மென்பொருளை எஸ்எஸ்டியில் ஓட்டிக் காட்டினார். பழைய கோப்பு எதுவும் வரவில்லை. “பாருங்கள் அக்கா, சுத்தமாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பழையது, அதனால் அப்படி மிச்சம் தெரியும்” என்றார். இது பொய். எப்படிப் பொய் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைக் கேட்டு ஏமாந்து திரும்புவது மிக எளிது.

அவர் இரண்டு வட்டிலும் செய்தது ஒன்றேதான்: ‘குயிக் ஃபார்மட்’. ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, பக்கங்களை அப்படியே விடுவது போன்ற வேலை அது. ஹார்ட் டிஸ்கில் பக்கங்கள் அப்படியே காந்தத் தட்டில் இருக்கும். PhotoRec பொருளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. வட்டு முழுவதையும் படித்துக்கொண்டே போய், ஒரு படம் தொடங்கும் அடையாளத்தைக் கண்டதும் அங்கிருந்து அள்ளி எடுக்கும். எஸ்எஸ்டியில் பழைய கோப்பு வராததற்குக் காரணம் அவர் செய்த அழிப்பு அன்று. கணினிக்குள் நேராகப் பொருத்திய எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்யும்போது, ‘இந்த இடங்கள் இனி தேவையில்லை’ என்று விண்டோஸே அதற்கு ஒரு கட்டளை அனுப்புகிறது. அதன் பெயர் டிரிம். பெரும்பாலான எஸ்எஸ்டிகள் அதற்குப் பிறகு அந்த இடங்களைப் படிக்கக் கேட்டால் வெறும் பூஜ்யம் தருகின்றன. சில்லுக்குள் பழைய தரவு உண்மையில் எப்போது அழியும் என்பது எஸ்எஸ்டியின் சொந்த முடிவு. மென்பொருளில் ஒன்றும் தெரியவில்லை என்பது அழிந்ததற்குச் சான்று ஆகாது.

ஏழு முறை மேலெழுதியதாகச் சொன்னதே நடக்க முடியாத கதை. 500 ஜிபி வட்டில் நொடிக்கு 100 எம்பி வீதம் எழுதினால், ஒரு முறை முழுதாக எழுத 5,000 நொடி, அதாவது 83 நிமிடம் ஆகும். தட்டின் உட்பக்கம் போகப்போக வேகம் குறைவதால் இன்னும் கூடும். ஏழு முறை என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல். அரை மணி நேரத்தில் ஹார்ட் டிஸ்கை ‘அழித்து’ கையில் கொடுத்தால், அவர்கள் அழிக்கவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

ஹார்ட் டிஸ்குக்கு ஏழு முறை தேவையும் இல்லை. இன்றைய வட்டுகளுக்கு முழுமையாக ஒரு முறை மேலெழுதினால் போதும். விண்டோஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து இப்படிச் செய்யலாம்:

```
diskpart
list disk
select disk 1
clean all
```

எந்த எண் எந்த வட்டு என்பதை அளவை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். தவறான எண்ணைக் கொடுத்தால் திரும்பப் பெற வழியில்லை. `clean` என்று மட்டும் போட்டு நிறுத்தினால் வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டது என்று காட்டும் பகிர்வு அட்டவணைதான் போகும், கோப்புகள் இருக்கும். `all` சேர்ந்தால்தான் கடைசி இடம்வரை பூஜ்யம் எழுதும். முடிந்ததும் PhotoRec-ஐ வட்டு முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஒரு கோப்பும் வரக்கூடாது. ஹார்ட் டிஸ்கைப் பொறுத்தவரை இந்தச் சோதனையை நம்பலாம். விதிவிலக்கு, பழுதடைந்த பகுதிகள். வட்டு தானே ஒதுக்கி வைத்துவிட்ட அந்த இடங்களுக்கு இந்த எழுத்து போய்ச் சேராது. கரகர என்று சத்தம் போடும் வட்டை விற்காதீர்கள்.

எஸ்எஸ்டிக்கு மேலெழுதுவது சரியான வழியே அன்று. நீங்கள் எழுதச் சொல்லும் இடத்திலேயே அது எழுதுவதில்லை. தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேறு புதிய இடத்தில் எழுதிவிட்டு, பழையதைப் பிறகு அழிக்கலாம் என்று விட்டு வைக்கும். கணினியின் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. ஏழு முறை எழுதினாலும் எங்காவது மிச்சம் இருக்கலாம். எஸ்எஸ்டியின் ஆயுளும் வீணாகக் குறையும். எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். தயாரிப்பாளரின் மென்பொருளிலோ, சில கணினிகளைத் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புப் பக்கத்திலோ ‘செக்யூர் எரேஸ்’ என்று இருக்கும். அக்காவுடையது போன்ற சாட்டா வகை எஸ்எஸ்டியை லினக்ஸில் இப்படி அழிக்கலாம்:

```
hdparm -I /dev/sda
hdparm --user-master u --security-set-pass p /dev/sda
hdparm --user-master u --security-erase p /dev/sda
```

இவற்றை `sudo` சேர்த்து, யுஎஸ்பியில் தொடங்கிய லினக்ஸிலிருந்து கொடுக்க வேண்டும். `sda` என்பது எந்த வட்டு என்பதை முதல் கட்டளை காட்டும் மாதிரிப் பெயரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதே கட்டளை, அழிக்க எவ்வளவு நேரமாகும் என்று அந்த வட்டே சொல்லும் மதிப்பீட்டையும் காட்டும். எஸ்எஸ்டியில் அது பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான். இங்கே சீக்கிரம் முடிவதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. முதல் கட்டளை காட்டுவதில் ‘not frozen’ என்று இருந்தால்தான் அடுத்த கட்டளைகள் வேலை செய்யும். ‘frozen’ என்றிருந்தால் கணினியை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் விடுபட்டுவிடும். நடுவில் மின்சாரம் போனால் எஸ்எஸ்டி பூட்டியபடி நின்றுவிடலாம். இரண்டாம் கட்டளையில் வைக்கும் கடவுச்சொல்லை `p` என்று சுருக்கமாக வைத்திருப்பது அதற்காகத்தான். அதையே கொடுத்து மீண்டும் தொடங்கலாம். யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டுச் செய்யாதீர்கள், இந்தக் கட்டளைகளைப் பல பெட்டிகள் கடத்துவதில்லை. சிறிய பட்டை வடிவ என்விஎம்இ வகைக்கு இந்தக் கட்டளைகள் பொருந்தா. அதற்குத் தயாரிப்பாளரின் மென்பொருளையோ பயாஸையோ பாருங்கள்.

கடையிலேயே கொடுப்பதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஹார்ட் டிஸ்குக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? எஸ்எஸ்டிக்கு எந்தக் கட்டளை? ‘இரண்டுக்கும் ஒரே முறைதான்’ என்றால் கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்தக் கடைக்காரர் 60 ரிங்கிட்டைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ரசீது கையில் இருப்பதால் அக்கா பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறார். அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. அந்தப் பையனின் கணினியில் இப்போது புது ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. பழையதை அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். மனு முடியும்வரை அதுதான் சாட்சி என்பதால் இன்னும் அழிக்கவில்லை. முடிந்த அன்றே `clean all` ஓடும்.