மாத்திரைக்குப் பதிலாக டார்க் சாக்லேட்டும் அவகாடோவும்: ஒரு கொழுப்புக் குறைப்புத் திட்டத்தைப் பற்றிய எச்சரிக்கை

என் அண்ணனுக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகமாக இருந்ததால், ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாத்திரை என்றதும் தயங்கிய அவர், அதற்கு முன்பு ஓர் உணவு ஆலோசனை நிறுவனத்தை அணுகினார். அங்கிருந்த ஆலோசகர், “மூணு மாசம் மட்டும் பொறுங்க சார், மாத்திரையே வேண்டியிருக்காது” என்று சொல்லி, முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு ஒரு திட்டத்தைக் கொடுத்தார். வழக்கமான சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதோடு தினமும் நாற்பது கிராம் டார்க் சாக்லேட், அவர்களே அனுப்பும் கோகோ பவுடரில் ஒரு பானம், ஒரு முழு அவகாடோ, அவ்வளவுதான். இந்தத் திட்டம் எப்படி விற்கப்பட்டது, முடிவு எப்படித் திரித்துக் காட்டப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இதே போன்ற துண்டறிக்கை வேறு பெயர்களில் வேறு கைகளுக்கும் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் துண்டறிக்கையில் மூன்று வாக்கியங்கள் பெரிய எழுத்தில் இருந்தன. அவகாடோ கெட்ட கொழுப்பான எல்.டி.எல்-ஐ 13.5 புள்ளி குறைக்கும். கோகோ இதய நோயால் இறக்கும் வாய்ப்பை 27 சதவீதம் குறைக்கும். கோகோவின் பலனை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மூன்றுமே வெறும் கற்பனை அல்ல என்பதுதான் இதில் கவலைக்குரியது. அந்த ஆய்வுகளும் எண்களும் உண்மையில் இருப்பவை; தேடிப் பார்ப்பவருக்கு அவை கிடைக்கவும் செய்யும். ஆனால் அவை எந்தச் சூழலில், எதோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டன என்பது மட்டும் துண்டறிக்கையில் இல்லை.

முதலில் அவகாடோவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்றில் ஓரளவு அடிப்படை உள்ளது அதற்குத்தான். 13.5 என்ற எண், 2015-இல் வெளியான ஒரு சோதனையிலிருந்து வந்தது. அதிக எடையுள்ள 45 பேருக்கு ஆய்வாளர்களே சமைத்த உணவைக் கொடுத்து, மூன்று வகை உணவுமுறைகளை ஐந்தைந்து வாரங்கள் மாறி மாறிப் பின்பற்றச் செய்தார்கள். மூன்றிலுமே நிறைவுற்ற கொழுப்பைப் பாதியளவுக்குக் குறைத்திருந்தார்கள். தினம் ஓர் அவகாடோ சேர்ந்த உணவில் எல்.டி.எல். 13.5 புள்ளி, அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 13.5 மில்லிகிராம், இறங்கியது. ஆனால் அவகாடோ இல்லாமல், அதே அளவு கொழுப்பை எண்ணெய் முதலியவற்றிலிருந்து கொடுத்த உணவிலும் அது 8.3 புள்ளி இறங்கியது. குறைந்த கொழுப்புள்ள உணவில் 7.4 புள்ளி. அதாவது, இறக்கத்தின் பெரும்பகுதி ஒட்டுமொத்த உணவையும் மாற்றியதால் வந்தது. அவகாடோவின் பங்கு என்று தனியாகப் பிரித்துச் சொல்லக்கூடியது ஐந்து புள்ளி அளவுதான்.

சாப்பாட்டை மாற்றாமல் அவகாடோவை மட்டும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் நேரடியான விடை இருக்கிறது. 2022-இல் வெளியான மிகப் பெரிய அவகாடோ சோதனையில், வயிற்றுப் பகுதியில் பருமன் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பிரிவினர் ஆறு மாதம் தினமும் ஒரு பெரிய அவகாடோ சாப்பிட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல இருந்தார்கள். வயிற்றின் உட்கொழுப்பு குறைகிறதா என்பதே அந்தச் சோதனையின் முதன்மைக் கேள்வி, அது குறையவில்லை. எல்.டி.எல். வித்தியாசம் சுமார் 2.5 புள்ளி. என் அண்ணனுக்குச் சொல்லப்பட்ட திட்டம் இந்த இரண்டாவது சோதனையைத்தான் ஒத்திருந்தது, ஆனால் காட்டப்பட்ட எண்ணோ முதல் சோதனையினுடையது. இரண்டு சோதனைகளுக்கும் பணம் கொடுத்தது ஹாஸ் அவகாடோ வாரியம் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் முடிவுகள் பொய் என்று ஆகிவிடாது. சொல்லப்போனால், விற்பவர்களின் பணத்தில் நடந்த பெரிய சோதனையே இவ்வளவு சிறிய பலனைத்தான் காட்டியது.

அவகாடோவுக்குப் பலன் இருக்கும் இடம் வேறு. வெண்ணெய், சீஸ், கொழுப்பு மிகுந்த இறைச்சி போன்றவை இருந்த இடத்தில் அதை வைத்தால், நிறைவுற்ற கொழுப்பு வெளியேறி ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் நார்ச்சத்தும் உள்ளே வருகின்றன, அப்போது எல்.டி.எல். இறங்குவது எதிர்பார்க்கத்தக்கதே. “எதையும் விட வேண்டாம், இதைச் சேர்த்தால் போதும்” என்று சொல்லும் திட்டம், பலன் தரும் அந்த ஒரே பகுதியைத்தான் நீக்கிவிடுகிறது.

கோகோவின் 27 சதவீதம் வந்தது காஸ்மாஸ் என்ற சோதனையிலிருந்து. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்கள் அதில் பங்கேற்றார்கள். சராசரியாக மூன்றரை ஆண்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கொடுக்கப்பட்டது சாக்லேட் அல்ல. கோகோவில் இயற்கையாக உள்ள ஃபிளவனால் என்ற தாவரச் சேர்மம் தினமும் 500 மில்லிகிராம் கிடைக்கும்படி செய்யப்பட்ட கோகோ சாற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய எல்லா இதய, ரத்தநாளப் பாதிப்புகளையும் சேர்த்து எண்ணுவதே முதன்மை அளவீடு. அதில் பத்து சதவீதக் குறைவு தென்பட்டாலும், தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற வரம்புக்குள்ளேயே அது இருந்தது. இதய நோய் இறப்பில் 27 சதவீதக் குறைவு என்பது இரண்டாம் நிலை அளவீடுகளில் ஒன்று. முதன்மைக் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காதபோது துணைக் கேள்வி ஒன்றின் விடையை மட்டும் எடுத்து முன்னால் வைப்பது நேர்மையாகாது. அதைவிட முக்கியமாக, அந்தச் சோதனை கொழுப்பைக் குறைக்கிறதா என்று பார்க்க நடத்தப்பட்டதே அல்ல. கொழுப்புக் குறைப்புத் திட்டத்தின் துண்டறிக்கையில் அதற்கு இடமே இல்லை.

சாக்லேட்டையே நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. 31 பேர், தினமும் 43 கிராம் டார்க் சாக்லேட்டும் 18 கிராம் கோகோ பவுடரும் ஒரு கட்டத்தில், பாதாம் ஒரு கட்டத்தில், இரண்டும் சேர்த்து ஒரு கட்டத்தில் சாப்பிட்டார்கள். பாதாம் மட்டும் சாப்பிட்ட கட்டத்தில் எல்.டி.எல். ஏழு சதவீதம் இறங்கியது. சாக்லேட்டும் கோகோவும் மட்டும் என்ற கட்டத்தில் குறிப்பிடத்தக்க இறக்கம் இல்லை. இதற்குக் காரணமும் தெரிந்ததுதான். கோகோ வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் ஸ்டியரிக் அமிலம் எல்.டி.எல்-ஐ ஏற்றுவதில்லை என்பதால், சாக்லேட் அதன் நிறைவுற்ற கொழுப்பின் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. ஏற்றாமல் இருப்பது வேறு, இறக்குவது வேறு.

மூன்றாவது வாக்கியம் இன்னும் மோசம். இதய நலத்துக்கு உதவலாம் என்று உறையில் எழுதிக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் அனுமதித்தது, குறைந்தது நான்கு சதவீதம் ஃபிளவனால் இயற்கையாகத் தக்கவைக்கப்பட்ட கோகோ பவுடருக்கு மட்டுமே. அதிலும் “மிகக் குறைந்த அறிவியல் ஆதாரமே உள்ளது” என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்தே எழுத வேண்டும் என்று நிபந்தனை உண்டு. சாதாரணக் கோகோ பவுடருக்கோ சாக்லேட்டுக்கோ அது பொருந்தாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஏற்றுக்கொண்டதும், நாளுக்கு 200 மில்லிகிராம் ஃபிளவனால் ரத்தநாளம் விரிந்துகொடுக்கும் தன்மைக்கு உதவும் என்பதையே. கொழுப்பைப் பற்றி அல்ல.

அவர்கள் அனுப்பிய கோகோ பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொருள்களின் பட்டியலில், கோகோவுக்குப் பக்கத்திலேயே, ஆல்கலி எனப்படும் காரம் சேர்த்துப் பதப்படுத்தியது என்று சிறிய எழுத்தில் இருந்தது. கசப்பைக் குறைத்து நிறத்தை அடர்த்தியாக்க இப்படிச் செய்வார்கள்; செய்யும்போது ஃபிளவனால் அழிகிறது. சந்தையில் உள்ள பவுடர்களை அளந்து 2008-இல் வெளியான ஆய்வில், பதப்படுத்தாத பவுடரில் கிராமுக்குச் சராசரியாக 35 மில்லிகிராம் அளவு ஃபிளவனால் இருந்தது. அதிகமாகக் காரம் சேர்த்ததில் 4 மில்லிகிராம்தான். பிந்தைய வகையில் காஸ்மாஸ் சோதனையின் 500 மில்லிகிராமை எட்ட, நாளுக்கு நூறு கிராமுக்கும் மேல் பவுடர் வேண்டியிருக்கும். சாக்லேட் உறையில் அச்சிடப்படும் 70, 85 என்ற சதவீதமும் கோகோவின் பங்கைத்தான் சொல்கிறது. ஃபிளவனால் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

மூன்று மாத முடிவில் நடந்ததுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. முதல் பரிசோதனையில் மொத்தக் கொழுப்பு 248, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 46, ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 160, எல்.டி.எல். 170. மூன்று மாதம் கழித்து மொத்தக் கொழுப்பு 244, எச்.டி.எல். 47, டிரைகிளிசரைடு 195, எல்.டி.எல். 158. ஆலோசகர் கடைசி எண்ணை வட்டமிட்டு, “பன்னிரண்டு புள்ளி இறங்கியிருக்கு பாருங்க சார், இன்னும் மூணு மாசம் தொடர்ந்தா போதும்” என்று அடுத்த தவணைக்குப் பணம் கேட்டார்.

அந்த 158 ஆய்வகத்தில் நேரடியாக அளக்கப்பட்டது அல்ல; அறிக்கையின் அடியிலேயே ‘கணக்கிடப்பட்டது’ என்று இருந்தது. வழக்கமான கணக்கில், மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதே எல்.டி.எல். முதல் முறை டிரைகிளிசரைடுக்காக 32 கழிந்தது; இரண்டாம் முறை 39. ஆக, இறங்கியதாகச் சொன்ன 12-இல் 7 புள்ளி, டிரைகிளிசரைடு ஏறியதால் கூடுதலாகக் கழிந்தது. கெட்டது ஒன்று ஏறியதே நல்ல செய்தியாக மாறிக் காட்சியளித்தது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்-ஐ மட்டும் கழித்துப் பார்க்கலாம்: 202 என்பது 197 ஆகியிருந்தது. இடையில் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இருவேறு நாட்களில் இதைவிட அதிகமாக ஏறி இறங்கும் அளவு அது. இதற்கிடையே அண்ணனின் எடையும் கூடியிருந்தது. நாற்பது கிராம் டார்க் சாக்லேட்டில் ஏறத்தாழ 240 கலோரி, நூறு கிராம் அவகாடோவில் 160 கலோரி; எதையும் குறைக்காமல் இவற்றை மேலே சேர்த்தால் எடை கூடுவதற்கு வாய்ப்பு உண்டு என்பதை ஆலோசகர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

நான் இந்தக் கணக்கை எழுதிக்காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்ற பதில்தான் வந்தது, பணம் வரவில்லை. பணத்தைவிட எனக்குக் கோபம் வந்தது, மருத்துவர் சொன்ன மாத்திரையை மூன்று மாதம் தள்ளிப்போட வைத்ததற்காக. மிதமான அளவு ஸ்டாட்டின் எல்.டி.எல்-ஐ 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். அண்ணனின் 170-க்கு அது குறைந்தது ஐம்பது புள்ளி. பெரிய சோதனையில் அவகாடோ காட்டியது இரண்டரைப் புள்ளி. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களிடமும் இதே நிறுவனம், “கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க” என்று சொல்வதாக அங்கே வந்திருந்த இன்னொருவர் மூலம் அறிந்தேன். அப்படி நிறுத்தியவர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். நிறுத்திய சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய அளவுக்குத் திரும்பிவிடும். உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது.

அண்ணன் இப்போது மாத்திரை தொடங்கிவிட்டார். அவகாடோவை அவர் விடவில்லை. காலையில் ரொட்டிக்குத் தடவும் வெண்ணெய்க்குப் பதிலாக அதை வைத்துக்கொள்கிறார். கோகோ பவுடர் பாக்கெட், துண்டறிக்கை, இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், பணம் கட்டிய ரசீது ஆகிய அனைத்தையும் புகாருடன் இணைத்து அனுப்பியிருக்கிறோம்.