தோட்டத்தை வாராவாரம் படமெடுக்க: கையா, கம்பமா, கட்டிவைத்த கேமராவா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரத்தக்காளி நட்டதும் ஞாயிறுதோறும் ஒரு படம் எடுக்க ஆரம்பித்தேன். முதலில் கைப்பேசியைக் கையில் பிடித்துத்தான் எடுத்தேன். பழைய படத்தைத் திறந்து பார்த்து, பின்னால் இருக்கும் வேலியும் தண்ணீர்த் தொட்டியும் அதே இடத்தில் வருகிற மாதிரி நிற்பேன். செலவே இல்லாத வழி. ஆனால் ஒரு வாரம் செடி குட்டையாகிவிட்டது போலத் தெரிந்தது.

காரணம் நான் நின்ற இடம். செடி 2 மீட்டரில் இருக்கிறது, வேலி 6 மீட்டரில். அரை மீட்டர் பின்னால் போனால் செடி படத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுக்கும். வேலி அவ்வளவு சிறுக்காது. வேலியை முந்தைய படத்தோடு பொருந்துகிற அளவுக்குப் பெரிதாக்கினாலும், செடி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியதாகவே நிற்கும். ஒரு வாரத்து வளர்ச்சியை மறைக்க அது போதும். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பிறகு திருப்பி வெட்டிக்கொள்ளலாம். நின்ற இடம் மாறினால் எந்தத் திருத்தமும் உதவாது.

அதனால் கம்பத்துக்கு மாறினேன். முதலில் மரக்கம்பு நட்டேன். ஐப்பசி மழையில் மண் இளகி, அது மெல்லச் சாய்ந்தது. வேலியின் உச்சி படத்துக்குப் படம் இறங்கிக்கொண்டே வந்ததால்தான் தெரிந்தது. அப்புறம் இரும்புக் குழாயை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்தி, மேலே ஒரு பலகை பொருத்தினேன். கைப்பேசியின் அடிப்பக்கமும் ஓரமும் முட்டி நிற்க இரண்டு சட்டங்கள் அடித்தேன். உறையைக் கழற்றாமல் எப்போதும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். திரையில் `1x` இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிட்டால் கம்பம் இருந்தும் பயனில்லை. செடிக்குப் பக்கத்தில், கேமராவிலிருந்து அதே தூரத்தில், 25 செ.மீ. பட்டைகள் தீட்டிய குச்சி ஒன்று நிற்கிறது. உயரத்தை அதில்தான் படிக்கிறேன்.

கட்டிவைத்த கேமரா மறக்காமல் தானே எடுக்கும். மொட்டு விரிவதைப் போல ஒரே நாளில் நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் சரி. இந்த மலையில் மஞ்சு இறங்கும் காலத்தில் கண்ணாடி வியர்த்துப் படம் வெள்ளையாகிவிடும்; சிலந்தியும் அதன் முன்னால் வலை கட்டும். எப்படியும் அடிக்கடி துடைக்கப் போக வேண்டியிருக்கிறது. மாதக் கணக்கில் வளரும் மரத்தக்காளிக்கு அது தேவையில்லை.

கம்பத்தையே வைத்துக்கொண்டேன். காலை பத்து மணிக்கு எடுக்கிறேன். வெயில் சுள்ளென்று அடித்தால் இலை நிழல்கள் குழப்பும், மேகம் மூடும்வரை காத்திருக்கிறேன். மஞ்சு அடைத்த ஞாயிறுகளில் திங்களுக்குத் தள்ளி, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்துவிடுகிறேன்.