ஆரி பிளவுஸ் கடைக்கு எது முதலில்: கூகுள் மேப்பா, இன்ஸ்டாவா, வாட்ஸ்அப்பா?

வீட்டு முன்னறையில் ஆரி வேலையும் பிளவுஸ் தையலும் ஆரம்பிக்கிறீர்கள், விளம்பரத்துக்கு மாதம் 2000 ரூபாய்தான் ஒதுக்க முடியும், நேரமோ தைத்தது போக மிஞ்சுவதுதான் என்றால், எல்லா இடத்திலும் கணக்குத் திறக்கவே திறக்காதீர்கள்.

என் கணிப்பில் முதலிடம் கூகுள் மேப்புக்கு. இன்ஸ்டாவில் ரீல் பார்ப்பவர் பொழுதுபோக்காகப் பார்க்கிறார். "பக்கத்தில் ஆரி பிளவுஸ்" என்று தேடுபவர் கையில் துணியோடு தேடுகிறார். கூகுள் மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் பிசினஸ் புரொஃபைல் இலவசம், ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் வாரத்துக்குக் கொஞ்ச நேரம் போதும். சரிபார்க்கப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள்: தெரு, பெயர்ப்பலகை, உள்ளே ஆரி ஸ்டாண்ட், தையல் மெஷின் என்று நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெயரில் "சிறந்த ஆரி பிளவுஸ் மதுரை" என்றெல்லாம் சேர்க்க வேண்டாம், புரொஃபைலை முடக்கிவிட வாய்ப்புண்டு. பலகையில் உள்ள பெயரே போதும். பிளவுஸை வாங்கிக்கொண்டு போகும்போதே ரிவ்யூ கேட்டுவிடுங்கள், ஆனால் அதற்காகத் தள்ளுபடி தருவது கூகுள் விதிக்கு விரோதம்.

இன்ஸ்டா இரண்டாவதுதான், ஆனால் இந்தத் தொழிலுக்கு விடவும் முடியாது, ஏனென்றால் கல்யாணப் பெண் டிசைனைப் பார்க்காமல் அட்வான்ஸ் தர மாட்டார். இதில் பெரிய சிக்கல், வியூஸ் எகிறும், ஆர்டர் வராது. பார்ப்பவர்களில் பலர் ஆரி கற்றுக்கொள்பவர்களாகவோ வேறு ஊர்க்காரர்களாகவோ இருப்பார்கள். யார் பார்க்கிறார்கள் என்று இன்ஸ்டாவே காட்டும் இன்சைட்ஸில் ஃபாலோயர்கள் எந்த ஊர் என்று பாருங்கள்; உங்கள் ஊர் முதலில் வரவில்லையென்றால், ஆரி ஊசியால் வேலை செய்யும் வீடியோவைக் குறைத்து, முடிந்த பிளவுஸை விலையோடும் ஊர்ப் பெயரோடும் போடுங்கள். அந்த 2000 ரூபாயையும் மாதாமாதம் பிரித்துச் செலவழிக்க வேண்டாம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியில்தான் பிளவுஸ் கொடுப்பார்கள். அதனால் ஆனியில் மிச்சம் பிடித்து, ஆடி பிறந்ததும் கடையைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் மட்டும் விளம்பரம் ஓட விடுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் புது ஆளைக் கொண்டுவராது, வந்தவரை விடாமல் பிடித்துவைக்கும். ஒரே மெசேஜைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட்டை நம்பியே இருக்காதீர்கள், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போகும்; அளவு எடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா" என்று சொல்லிவிடுங்கள். கேட்லாகில் எல்லா டிசைனும் வேண்டாம், எளிய வேலை, நடுத்தரம், முழுக்கை மணப்பெண் வேலை என்று மூன்று விலை தெரிந்தாலே "எவ்வளவு?" என்ற மெசேஜ்கள் குறையும்.

ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் இரண்டையும் முதல் வருஷம் தொட வேண்டாம். யூடியூபில் எடிட்டிங்கே உங்கள் தையல் நேரத்தைத் தின்றுவிடும்.

விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்து வந்தார் என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் "மேப்", "இன்ஸ்டா", "தெரிந்தவர்" என்று லேபிள் போட்டுவிடுங்கள். விசாரிப்பை எண்ணாமல், அட்வான்ஸ் கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து இன்ஸ்டா லேபிளில்தான் அதிக அட்வான்ஸ் என்றால், நான் சொன்ன வரிசையைத் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள்.