வென்சுரியா, மூக்குக் குழாயா, பை மாஸ்க்கா? வைவா மேசைக்கு வரும் சிஓபிடி நோயாளி

நாகர்கோவிலில் வாடகை அறையில் நாங்கள் நாலு பேர் வைவாவுக்குப் படித்தபோது, ஒருவருக்கொருவர் அதிகம் கேட்டுக்கொண்ட கேள்வி இது: "64 வயசு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவர், 40 வருஷ பீடி. ரெண்டு நாளா மூச்சு முட்டு. நிமிஷத்துக்கு 28 மூச்சு, ஆக்சிஜன் செறிவு 82 சதவீதம். எதை மாட்டுவே?"

கை முதலில் ரிசர்வாயர் பை வைத்த மாஸ்க்குக்குத்தான் போகும். 82ஐப் பார்த்த பயம். 15 லிட்டர் திறந்துவிட்டால் செறிவு சீக்கிரமே 99 காட்டும், வீட்டார் நிம்மதியாவார்கள், அவரும் அமைதியாகிவிடுவார். அந்த அமைதிதான் ஆபத்து. கை நடுங்குகிறதா, கூப்பிட்டால் கண் சொருகுகிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம். ஏன் என்று கேட்டால் "மூச்சு விடும் உந்துதல் போய்விடுகிறது" என்று பாதிப் பேர் நிறுத்திக்கொள்வோம். அது சின்னப் பங்குதான். காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளில் சுருங்கியிருந்த ரத்தக் குழாய்களை அதிக ஆக்சிஜன் விரித்துவிடுகிறது. ரத்தம் வீணாக அங்கே போகிறது. கூடவே ஹீமோகுளோபின் தான் சுமந்த கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிடுகிறது. இந்த இரண்டையும் சொன்னால்தான் பதில் முழுமை. இலக்கு 88 முதல் 92 வரை.

அடுத்து மூக்குக் குழாய். மலிவு, சாப்பிடலாம், பேசலாம். 2 லிட்டருக்கு 28 சதவீதம் என்று மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அந்த எண் குழாயுடையது இல்லை, நோயாளியின் மூச்சுடையது. இளைக்கிறவர் மூச்சை இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 40 லிட்டரைத் தாண்டும்; நம் 2 லிட்டர் அறைக்காற்றில் கரைந்துபோகும். அவரே சோர்ந்து மெதுவாக, மேலோட்டமாக மூச்சு விட்டால் அதே 2 லிட்டர் கூடுதல் சதவீதமாகிவிடும். எந்த நேரத்தில் குறைய வேண்டுமோ அந்த நேரத்தில் ஏறுகிறது.

வென்சுரி மாஸ்க் வெல்வது இந்த இடத்தில். வெள்ளை அடாப்டர், 4 லிட்டர். சிறு துளை வழியே பீறிடும் ஆக்சிஜன் பக்கத்துச் சன்னல்களால் சுமார் 40 லிட்டர் காற்றை இழுத்துக்கொள்கிறது. மொத்தம் 44 லிட்டர். அதில் ஆக்சிஜன் 4 லிட்டரோடு காற்றில் உள்ள 8.4ம் சேர்த்து 12.4, வகுத்தால் 28 சதவீதம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் தேர்வாளர் முகம் மாறும். உடனே, "6 லிட்டர் வச்சா?" என்பார். காற்றும் 60 ஆகும், சதவீதம் மாறாது. ஆனால் மொத்த ஓட்டம் 66 ஆவதால், 30க்கு மேல் மூச்சு வாங்குகிறவருக்கு அப்படிக் கூட்டுவது சரியே. போர்வை சன்னலை மூடினால் சதவீதம் ஏறும், ஓட்டம் குறையும்; வார்டில் இது நடக்கும். நிறம் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறலாம், அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

அதனால் என் பதில்: முதலில் வெள்ளை வென்சுரி, மூச்சு தணிந்ததும் மூக்குக் குழாய். வென்சுரி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், 1 அல்லது 2 லிட்டர் மூக்குக் குழாயும் செறிவுமானியும் போதும். டாஸ்மேனியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்சிலேயே மூக்குக் குழாய் வழியாக 88–92க்குள் வைத்தவர்களில், 8–10 லிட்டர் மாஸ்க் பெற்றவர்களைவிட இறப்பு தெளிவாகக் குறைந்தது.

சரி, பை மாஸ்க்கோடு வந்து, மயக்கமாக, கார்பன் டை ஆக்சைடு 80 என்றால்? ஆக்சிஜனைப் பிடுங்கிவிடக்கூடாது. அறைக்காற்றில் காற்றறைக்குக் கிடைப்பது சுமார் 150. அதில் 80ஐ 0.8ஆல் வகுத்த 100ஐக் கழித்தால் மிச்சம் 50தான். வந்தபோது 60 இருந்திருந்தால் 75 கிடைத்திருக்கும். பிடுங்கினால் முன்பைவிட மோசம். 28 அல்லது 35 சதவீத வென்சுரிக்கு இறக்க வேண்டும்.

பிறகு 30 முதல் 60 நிமிடத்தில் ரத்த வாயுப் பரிசோதனை. நெபுலைசரும் ஸ்டீராய்டும் கொடுத்த பிறகும் பிஎச் 7.35க்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடு 45க்கு மேலே என்றால் மாஸ்க் வழி வென்டிலேஷன். அதிலும் பிஎச் இறங்கிக்கொண்டே போனால், சளியைத் துப்ப முடியாமல் நினைவு மங்கினால், குழாய் போடும் முடிவு. அந்தக் கேள்வி வரும்போது லாரிங்கோஸ்கோப்பை எடுப்பதற்கு முன், "இவருக்கு இது வேண்டுமா என்று குடும்பத்திடம் கேட்டேன் சார்" என்று சொல்ல மறந்ததால் எனக்கு ஒரு மாதிரித் தேர்வில் மதிப்பெண் போனது.