"kl 200 ptadu na": மூன்று வாசிப்புகள், ஒரு கைப்பிடிச் சுவர்

மாடியில் கைப்பிடிச் சுவர் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஊரில் இல்லை. மேஸ்திரியோடு பேச்செல்லாம் வாட்ஸப்பில்தான், அவரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுவார். சாயங்காலம் 5 மணி வாக்கில் இது வந்தது:

```
kl 200 ptadu na
```

"kl" கல், "na" அண்ணா. இந்த இரண்டிலும் குழப்பமில்லை. சிக்கல் "ptadu"வில்தான். முதல் வாசிப்பு: "200 கல்தான் இருக்கு, பத்தாது." இரண்டாவது: "இன்னும் 200 கல் பத்தாது", அதாவது 200 குறைகிறது. மூன்றாவது: "200 கல் போட்டது", அதாவது கட்டி முடித்தது.

மூன்றாவதை முதலில் தள்ளிவிடலாம். காலையில் சிமெண்ட், மணல் பற்றிக் கேட்டபோது அவர் அனுப்பிய பதில் "manal ptum". மணல் பத்தும். ஆக, அவர் கையில் "pt" என்றால் "பத்து". உயிரெழுத்தை விழுங்குவது அவர் பழக்கம். மேலும், முடிந்த வேலையை அவர் "-chu" போட்டுத்தான் எழுதுவார். மதியம் வந்தது "3 vari mudinjuchu". "போட்டது" என்று அவர் எழுதியதே இல்லை. 'இங்கிலீஷ் எழுத்துத் தமிழில் இந்தச் சொல் என்ன?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'இந்த ஆள் இதை எப்படி எழுதுவார்?' என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும். அதற்கான அகராதி மேலே உள்ள பழைய மெசேஜ்களில்தான் இருக்கிறது.

மற்ற இரண்டும் அப்படிப் பிரியாது. எழுத்துப் பிழையே இல்லாமல் "கல் 200 பத்தாது" என்று அழகாக எழுதியிருந்தாலும் இரண்டு அர்த்தமும் நிற்கும். குழப்பம் மொழியிலேயே இருக்கிறது.

அதற்குச் சற்று முன் நான் கேட்டிருந்தது "கல் எவ்வளவு இருக்கு?" என்று. கேள்விக்கு அடுத்து வருவதைப் பதிலாகவே படிப்போம். உரையாடலை ஆராய்ந்த செக்லாஃபும் சாக்ஸும் 1973-லேயே இந்த ஜோடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். "எவ்வளவு இருக்கு"வுக்குப் பதில் என்றால் 200 என்பது இருப்பு. முதல் வாசிப்புக்கு ஒரு புள்ளி. ஆனால் சைட்டில் டவர் மோசம். என் கேள்வியைப் பார்க்கும் முன்பே அவர் தட்டியது தாமதமாக வந்திருக்கலாம். வரிசையை மட்டும் நம்பி கல் சொல்ல மனம் வரவில்லை.

அதனால் கணக்குப் போட்டேன். சுவர் மொத்தம் 60 அடி நீளம், நாலரை அங்குலம் கனம். கலவையோடு சேர்த்து ஒரு கல் 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம். ஒரு வரிக்கு 80 கல், 3 அடி உயரத்துக்கு 12 வரி, ஆக 960. காலையில் அவர் சொன்ன இருப்பு 600. அப்படியானால் குறைவது 360. எத்தனை வரி முடிந்திருந்தாலும் இந்த 360 மாறாது. உடைசல் இருந்தால் கூடும், குறையாது. "200 குறைகிறது" என்ற வாசிப்பு இங்கே இடிக்கிறது. "200 இருக்கு" என்றால் 400 கல் போயிருக்கிறது, அதாவது சரியாக 5 வரி. மதியம் 3, அதற்குமேல் 2. நம்பும்படி இருக்கிறது.

இங்கேயே நிறுத்தியிருப்பேன். மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. காலையில் அவர் "2.5 adi pothum na" என்றிருந்தார். குழந்தைகள் ஏறும் மாடி, 3 அடி வேண்டும் என்றேன். "sari" என்று வந்தது. இரண்டரை அடி என்றால் 10 வரி, 800 கல். 800-இல் 600 போனால் குறைவது கச்சிதமாக 200! அவர் மனசில் பழைய உயரமே இருந்தால் இரண்டாவது வாசிப்பும் பிசிறில்லாமல் பொருந்துகிறது. முன்பு பேசியது வாசிப்பைக் குறுக்கும் என்பது சரி. ஆனால் நடுவில் திட்டம் மாறியிருந்தால், எந்தப் பேச்சை வைத்துக் குறுக்குகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படி இழுபறியாக நிற்கும்போது "200 பத்தாதா?" என்று திருப்பிக் கேட்பதில் பயனில்லை, இரண்டு அர்த்தத்துக்கும் "ஆமா" என்றே வரும். இரண்டு வாசிப்புக்கும் வேறு வேறு பதில் வரக்கூடிய கேள்வி வேண்டும். "எத்தனை வரி ஏறியிருக்கு, இன்னும் எத்தனை வரி பாக்கி?" என்று அனுப்பினேன். முதல் வாசிப்பு சரி என்றால் 5-உம் 7-உம் வரவேண்டும். அவர் இரண்டரை அடியிலேயே இருந்தால் கூட்டுத்தொகை 10 வரும்.

```
5 aachu 7 bakki
```

உடைசலுக்கும் சேர்த்து 400 கல் சொல்லிவிட்டேன்.